ரிட்டர்ன் கூரியர் காசு யார் கணக்கில்? குமரி மாவட்டத்து ஆன்லைன் வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான அக்காமாரே, தங்கச்சிமாரே, அண்ணன்மாரே,

போன மாதம் நாகர்கோவிலில் நாம் எல்லாரும் கூடினோம். செட்டுமுண்டு, சுடிதார், நேந்திரங்காய் சிப்ஸ், தேன், கருப்பட்டி என்று வீட்டிலிருந்தே ஆன்லைனில் விற்கிறவர்கள்தான் நாம். அன்றைக்குக் கடைசியில் ஒரு யோசனை வந்தது. யார் பொருளைத் திருப்பி அனுப்பினாலும், காரணம் எதுவாக இருந்தாலும், 100 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்போம் என்பது. நிறையப் பேர் கை தூக்கினார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து என் ரிட்டர்ன் நோட்டை எடுத்துப் பார்த்த பிறகுதான், அன்றைக்கே வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அடுத்த கூட்டத்தில் இதை முடிவாக எழுதி வைப்பதற்கு முன்னால் நீங்கள் இதைப் படிக்க வேண்டும்.

"காரணம் எதுவாக இருந்தாலும்" என்ற மூன்று சொல்தான் என் சிக்கல். பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்புகிறவரும், நாம் தப்பான பொருளை அனுப்பியதால் திருப்பி அனுப்புகிறவரும் ஒரே ஆள் இல்லை. அதை எனக்குப் புரியவைத்தது ஒரு ரவிக்கை.

போன ஓணத்துக்கு முன்னால் கோயம்புத்தூரிலிருந்து ஒரு அக்கா என்னிடம் செட்டுமுண்டு ஒன்றும், அதற்குச் சேர்ந்த தைத்த ரவிக்கை ஒன்றும் வாங்கினார். செட்டுமுண்டு 1,400 ரூபாய், ரவிக்கை 600 ரூபாய். ஓணத் தள்ளுபடி பத்து சதவீதம், அதாவது 200 ரூபாய். கூரியர் 90. மொத்தம் 1,890 ரூபாய் யுபிஐயில் வந்தது. நாலைந்து நாள் கழித்து, "ரவிக்கை அளவு சரியில்லை, திருப்பி அனுப்புகிறேன்" என்றார். கூரியர்காரரை நானே ஏற்பாடு செய்தேன், அதற்கு 80 ரூபாய் ஆனது. பார்சல் தக்கலைக்கு வந்து சேர்ந்தது. பிரித்துக்கூடப் பார்க்காமல் அவருக்கு 460 ரூபாய் அனுப்பினேன்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. "தங்கச்சி, 600 ரூபாய் பிளவுசுக்கு 460தான் வந்திருக்கு. 140 ரூபாய் எதுக்குப் பிடிச்சீங்க? கூரியருக்கா?"

நான் 140 பிடிக்கவில்லை. கூரியருக்குப் பிடித்தது 80தான். மீதி 60 அவருக்கு ஏற்கெனவே கிடைத்த தள்ளுபடி. 2,000-க்கு 200 குறைத்தால் 600-க்கு 60 குறையும். ஆகவே அந்த ரவிக்கைக்கு அவர் உண்மையில் கொடுத்தது 540. ஆனால் இது எதுவும் அவருக்குத் தெரிய வழியில்லை. வங்கிக் கணக்கில் வந்தது 460 என்ற ஒரே ஒரு எண். எதைக் கழித்தோம், ஏன் கழித்தோம் என்று வங்கி சொல்லாது. நாம் சொன்னால்தான் உண்டு. நான் சொல்லவில்லை. நியாயமான 60 ரூபாயும் சேர்ந்து திருட்டுக் கணக்கு மாதிரி ஆகிவிட்டது.

மனசு கேட்காமல் ரவிக்கையை மேசையில் விரித்து டேப் வைத்தேன். அக்குளிலிருந்து அக்குள் வரை 18 அங்குலம். அப்படியென்றால் சுற்றளவு 36. கழுத்தில் இருந்த டேக்கில் 38. நான் போட்டிருந்த அளவுப் பட்டியலில், 38 என்றால் தைத்து முடித்த துணியின் சுற்றளவு 38 என்றுதான் எழுதியிருந்தேன். அப்படியானால் விரித்து அளக்கும்போது 19 வந்திருக்க வேண்டும். தைத்துக் கொடுக்கிற அண்ணனிடம் கேட்டேன். துணி பற்றாமல் போனதால் அந்த ஒரு கட்டு ரவிக்கைகளில் மட்டும் பக்கவாட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளித் தைத்ததாகச் சொன்னார். மொத்தம் பன்னிரண்டு ரவிக்கை. ஒன்பது விற்றுப்போயிருந்தது.

ஆக, பிழை முழுக்க என்னுடையது. அக்காவுக்குப் பிடித்த 80 ரூபாயைத் திருப்பி அனுப்பி மன்னிப்புக் கேட்டேன். மற்ற எட்டுப் பேரையும் கூப்பிட்டேன். அவர்களில் இரண்டு பேர், உள்ளே விட்டிருந்த மார்ஜினைத் தங்கள் செலவில் பிரித்துத் தைத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு ஒருவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "சொன்னா கூரியர் காசு எங்க தலையிலதானே விழும்." நாம் போடப்போகிற 100 ரூபாய் இதைத்தான் செய்யும். நம் பிழை நம் காதுக்கே வராமல் போகும்.

"அளவு சரியில்லை" என்று வாடிக்கையாளர் சொல்லும்போது அதில் இரண்டு விஷயம் இருக்கலாம். நாம் சொன்ன அளவு ஒன்று, அனுப்பிய அளவு வேறு என்றால் அது விற்றவர் பிழை. நாம் சொன்ன அளவிலேயே அனுப்பியிருக்கிறோம், அவர் தனக்கு எது சேரும் என்று தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்றால் அது மனம் மாறிய கணக்கு. அவர் சொல்கிற வார்த்தையை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது, டேப்பை வைத்துத்தான் முடியும். இப்போது நான் பார்சலை அனுப்புவதற்கு முன்னாலேயே ரவிக்கையின் மேல் டேப்பை விரித்து ஒரு போட்டோ எடுத்துவிடுகிறேன். திரும்பி வந்தால் அதே இடத்தில் மறுபடி ஒன்று. சுற்றளவில் அரை அங்குலம் கூடக்குறைய இருந்தால் அதைத் தையலில் வருகிற இயல்பான வித்தியாசம் என்று எடுத்துக்கொள்கிறேன், அதையும் பட்டியலுக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறேன். அதைத் தாண்டினால் பிழை என்னுடையது.

நிற விஷயத்தில் இவ்வளவு தெளிவு கிடைக்காது. கோடித் துணியின் நிறத்துக்கும் வெள்ளைக்கும் நடுவில் எத்தனை சாயல் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். டியூப் லைட்டில் எடுத்த படத்தில் கசவு ஒரு மாதிரி, முற்றத்து வெயிலில் வேறு மாதிரி. இதில் என் கருத்து இது: படம் எடுத்தது நாம். சந்தேகம் என்று வந்தால் அந்தச் சந்தேகம் வாங்கினவருக்குச் சாதகமாகப் போகட்டும். அதைத் தவிர்க்க வேண்டுமானால் பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல் ஒரு படமாவது போட வேண்டும்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்ப்போம், ஏனென்றால் அன்றைக்கு ஒருவர் "அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு" என்றார். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020 ஜூலையில் வந்தன. தன் சொந்தப் பொருளை எப்போதோ ஒரு தடவை விற்கிறவருக்கு அவை பொருந்தாது. ஆனால் தொழிலாக, தொடர்ந்து விற்கிறவருக்கு அந்த விலக்கு கிடையாது. நாம் வாரம் முழுக்க பார்சல் கட்டுகிறவர்கள். அந்த விதிகளின்படி, பொருள் பழுதாகவோ போலியாகவோ இருந்தால், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டால், சொன்ன நாளைத் தாண்டி வந்து சேர்ந்தால், திரும்ப வாங்கவோ பணத்தைக் கொடுக்கவோ விற்பவர் மறுக்கக் கூடாது. அதோடு, திருப்பி அனுப்புகிற கூரியர் செலவு பற்றிய விவரத்தையும் வாங்குகிறவருக்குத் தெளிவாகத் தெரியும்படி கொடுக்க வேண்டும்.

மனம் மாறியதற்காகத் திரும்ப எடுத்தே ஆக வேண்டும் என்று நம் நாட்டில் பொதுவான சட்டம் இல்லை. நாமாக வைத்துக்கொள்கிற வசதி அது. அதனால் அதற்குக் கட்டணம் வாங்குவதில் தவறு இல்லை, ஆனால் வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கியதைப் பெரும்பாலான பொருள்களில் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம். திருப்பி அனுப்பும் செலவு பொதுவாக வாங்கினவருடையது. ஆனால் அப்படி என்று விற்றவர் முன்கூட்டியே சொல்லாமல் விட்டிருந்தால் அந்தச் செலவு விற்றவர் தலையில் விழும். அந்தச் சட்டம் நம்மைக் கட்டாது என்றாலும், அதில் இருக்கிற நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது. சொல்லாத காசைப் பிடிக்காதே என்பதுதான் அது.

தாமதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வியாபாரத்தில் பாதிக்கு மேல் ஓணத்தைச் சுற்றித்தான். "திருவோணத்துக்கு இரண்டு நாள் முன்னால் கிடைக்கும்" என்று சொல்லி விற்கிறோம். பார்சல் ஓணம் முடிந்து மூன்றாம் நாள் போய்ச் சேருகிறது. வாங்கினவர், "ஓணம் முடிஞ்சு போச்சு, இனி எனக்கு எதுக்கு, வேண்டாம்" என்கிறார். "வேண்டாம்" என்று அவர் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு நாம் நோட்டில் "மனம் மாறியது" என்று எழுதி, கூரியரைப் பிடிக்கிறோம். நானும் அப்படி எழுதியிருக்கிறேன், இரண்டு இடத்தில். அது மனமாற்றம் இல்லை. நாம் சொன்ன நாள் தவறிப்போனது. கூரியர்காரர் தாமதித்தார் என்றால் அது நமக்கும் அவருக்கும் உள்ள கணக்கு. வாங்கினவர் காசு கொடுத்தது நம்மிடம். நம் கையை மீறிய இயற்கைச் சீற்றம் போன்றவற்றுக்கு விதியிலேயே விலக்கு இருக்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது மரம் விழுந்து, கரண்டு போய், நம் மாவட்டமே முடங்கிக் கிடந்ததே, அந்த மாதிரி நேரத்துக்குத்தான் அது. ஓண நெரிசல் வருஷா வருஷம் வருவது. அதைத் தெரிந்துகொண்டு நாள் சொல்ல வேண்டியது நம் வேலை.

சரி, பணத்தைத் திருப்பும்போது அது எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கு வருகிறேன். கோயம்புத்தூர் அக்காவுக்கு அன்றைக்கு நான் அனுப்பியிருக்க வேண்டிய செய்தி, அது உண்மையிலேயே மனமாற்றமாக இருந்திருந்தால், இப்படி இருந்திருக்க வேண்டும்:

ரவிக்கை விலை: ரூ. 600
தள்ளுபடியில் இதன் பங்கு: கழித்தது ரூ. 60
இதற்கு நீங்கள் கொடுத்தது: ரூ. 540
திருப்பி அனுப்பிய கூரியர் (காரணம்: மனம் மாறியது): கழித்தது ரூ. 80
உங்கள் கணக்குக்கு வருவது: ரூ. 460

பிழை என்னுடையது என்றால் நாலாவது வரி மட்டும் மாறும். "திருப்பி அனுப்பிய கூரியர் (காரணம்: எங்கள் அளவுப் பிழை): ரூ. 0." கடைசி வரி 540 ஆகும். கழிக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்த வரியை அழிக்காமல் பூஜ்யத்தோடு வைக்கச் சொல்கிறேன். காரணம் அந்த வரியில்தான் இருக்கிறது. நாம் எந்தக் கணக்கில் சேர்த்தோம் என்று வாங்கினவர் பார்த்து, தப்பு என்றால் அங்கேயே கேட்க முடியும். அந்த அக்கா என்னிடம் கேட்டது 140 ரூபாயைப் பற்றி. காரணம் எழுதியிருந்தால், "மனம் மாறலையே, அளவுதானே தப்பு" என்று சரியான இடத்தில் கேட்டிருப்பார், நானும் முதல் நாளே டேப்பை எடுத்திருப்பேன்.

பெயரிலும் கவனம் வேண்டும். நம்மில் சிலர் "ஹேண்ட்லிங் சார்ஜ்", "பிராசஸிங் ஃபீஸ்" என்று எழுதுகிறோம். கூரியருக்குப் பிடித்ததைக் கூரியர் என்றே எழுதுவோம். தொகையும் முன்பே சொன்ன தொகையாக இருக்கட்டும். திரும்பி வரும் பார்சலுக்கு ஆகும் உண்மையான செலவு ஒவ்வொரு தடவையும் மாறும், ஏனென்றால் கூரியர் கம்பெனிகள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பொதுவாக 5,000-ஆல் வகுத்து, வருகிற எண்ணை எடையோடு ஒப்பிட்டு, எது பெரிதோ அதற்குக் காசு வாங்குகிறார்கள். 700 கிராம் செட்டுமுண்டை வாங்கினவர் வீட்டில் கிடந்த 40, 30, 10 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பினால் அது 2.4 கிலோ கணக்காகிவிடும். இந்தக் கணக்கையெல்லாம் வாங்கினவர் தலையில் ஏற்றுவது நியாயம் இல்லை. நான் 80 என்று ஒரே தொகையாக வைத்திருக்கிறேன். கூடினால் என் நஷ்டம்.

முதலில் அனுப்பிய கூரியர் 90 ரூபாய் என்ன ஆவது? அந்த அக்கா செட்டுமுண்டை வைத்துக்கொண்டார், அது எப்படியும் போயிருக்க வேண்டிய பார்சல், அதனால் அதைத் தொடவில்லை. இரண்டுமே என் பிழையால் திரும்பி வந்திருந்தால் 1,890-ம் திரும்பப் போக வேண்டும், 90 உட்பட. இரண்டுமே மனமாற்றம் என்றால் 1,800-இல் 80 போக 1,720. "டெலிவரி இலவசம்" என்று விற்றுவிட்டு, திரும்பி வரும்போது மட்டும் போன கூரியரையும் சேர்த்துக் கழிக்கிற பழக்கம் நம்மில் சிலருக்கு இருக்கிறது. இலவசம் என்று சொன்னது இலவசம்தான். விலையில் நாம் அதை ஏற்கெனவே சேர்த்திருக்கிறோம்.

மலையோரத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். என் அம்மா வீடு பேச்சிப்பாறைப் பக்கம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு ஆன்லைன் கடையில் ஐந்து லிட்டர் குக்கர் வாங்கினோம். மூடி உட்காரவே இல்லை. திருப்ப வேண்டும் என்றபோது, எங்கள் பின்கோடுக்கு வந்து எடுக்கும் வசதி இல்லை, நீங்களே அனுப்புங்கள் என்றார்கள். தபால் ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போய் 210 ரூபாய் கட்டி அனுப்பினோம். குக்கர் பணம் முழுக்க வந்தது, அதைச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த 210-க்குப் பதிலாக 100 ரூபாய் கூப்பன் வந்தது, அதே கடையில் அடுத்த தடவை வாங்கினால் கழித்துக்கொள்ள. கணக்கில் "முழுப் பணமும் திருப்பப்பட்டது" என்று காட்டியது. அம்மாவுக்கு 210 ரூபாய் நஷ்டம், அது எந்த வரியிலும் இல்லை.

நாம் 629 பின்கோடில் இருந்து விற்கிறவர்கள், இந்த வலி நமக்குத் தெரியும். நம் பிழைக்கு வாங்கினவர் தன் கையால் கட்டி அனுப்பினால், தபால் ரசீதின் படத்தை வாங்கிக்கொண்டு அந்தத் தொகையைப் பணமாகவே, தனி வரியாகக் கூட்டிக் கொடுக்க வேண்டும். அப்போது திரும்பப் போகிற தொகை பொருளின் விலையைவிடக் கூடுதலாக இருக்கும். ரவிக்கைக்கு 540-ம் தபாலுக்கு 70-ம் என்றால், சேர்த்து 610 என்று வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பார்சல் வீட்டுக்கு வந்தபோது கையில் பணம் கொடுத்து வாங்கியவர்களுக்கு, திருப்பிப் போட யுபிஐ ஐடியோ கணக்கு எண்ணோ மட்டும் கேளுங்கள். பணம் வாங்குவதற்கு பின் நம்பரோ ஓடிபியோ தேவையில்லை என்பதையும் அந்தச் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். இந்தப் பெயரில் ஏமாற்றுகிறவர்கள் அதிகம்.

100 ரூபாய் யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. ஓணத்தன்று உடுத்திவிட்டு, சந்தனக் கறையோடு திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கூரியர் காசைத் தவிர்க்க "கிழிந்திருக்கிறது" என்று பொய் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அன்றைக்கு கூட்டத்தில் ஒரு தங்கச்சி கண் கலங்கிச் சொன்னதை நானும் கேட்டேன். ஆனால் உடுத்தித் திருப்பினவருக்கு 100 ரூபாய் ஒரு வாடகைதான். 1,400 ரூபாய்ச் செட்டுமுண்டை 100 ரூபாய்க்கு ஓணத்துக்கு உடுத்தலாம் என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும். அவரை நிறுத்துவது கரையில் தைத்து வைக்கிற டேக். டேக் அறுந்திருந்தால் மனம் மாறியதற்குத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று முன்பே சொல்லுங்கள். கறையோடு வந்தால் படம் எடுத்து அனுப்பி, பொருளைத் திருப்பி அனுப்புங்கள். ஆனால் பிழை என்று வருகிறவரிடம் டேக் கேட்காதீர்கள். சாயம் போகிறதா என்பது முதல் தடவை நனைத்த பிறகுதான் தெரியும். டேக்கோடு யாரும் துவைப்பதில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். வாங்கினவர் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். நமக்கு அது நாகர்கோவிலில் இருக்கிறது, ஆனால் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கோயம்புத்தூர் அக்கா கோயம்புத்தூரில் போட்டிருக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் அதற்குக் கட்டணமும் இல்லை. "காரணம் எதுவாக இருந்தாலும் 100" என்று நாம் எழுதி வைக்கிற காகிதமே அங்கே நமக்கு எதிரான சாட்சியாகும்.

அதனால் அடுத்த கூட்டத்தில் அந்த யோசனைக்குப் பதிலாக, ஆர்டரை உறுதி செய்கிற செய்தியில் நாம் எல்லாரும் சேர்க்க இதை முன்வைக்கிறேன்: "நாங்கள் சொன்ன அளவு, துணி, நிறம், நாள் இவற்றில் பிழை இருந்தால் திருப்பி அனுப்பும் செலவு எங்களுடையது; முழுப் பணமும் தருவோம். உங்களுக்கு வேண்டாம் என்று தோன்றினால் ஏழு நாளுக்குள் டேக்கோடு அனுப்பலாம்; கூரியர் ரூ. 80 கழிக்கப்படும், போன கூரியர் காசு திரும்ப வராது. எது எவ்வளவு கழிந்தது என்று வரி வரியாகச் சொல்வோம்." நாளும் தொகையும் அவரவர் பொருளுக்கு ஏற்ப மாறட்டும். சிப்ஸும் தேனும் விற்கிறவர்கள் மனமாற்றத்துக்குத் திரும்ப எடுக்க முடியாது என்றே சொல்லலாம், பிரித்த தின்பண்டத்தை மறுபடி விற்க முடியாது. ஆனால் முதல் வரி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அளவு எடுக்கிற போட்டோவை எப்படி எடுப்பது என்று தெரியாதவர்கள் கூட்டத்துக்கு ஒரு ரவிக்கையையும் டேப்பையும் கொண்டு வாருங்கள், காட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி,
செட்டுமுண்டு விற்கிறவள், தக்கலை